லீவு கடிதமும் ஹைக்கூவும்: பதினேழு எழுத்தில் மழையை எழுதுவது

மழை பெய்ததால்
வேலைக்குப் போகாமலே
வீட்டில் இருந்தோம்

மலேசியாவில், பந்திங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் தொடக்கநிலைக் கவிதைப் பட்டறை நடத்தினேன். ஐந்து, ஏழு, ஐந்து என மூன்று வரியில் மொத்தம் பதினேழு எண்ணும் ஜப்பானியக் கவிதை வடிவம் ஹைக்கூ. பருவமழையைப் பற்றி ஐந்து ஹைக்கூ கொண்ட ஒரு வரிசை எழுதி வரச் சொல்லியிருந்தேன். மேலே இருப்பது எனக்கு வந்த முதல் கவிதை. எழுதியவர் ஓர் அக்கா. இருபது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது தாமான் குடியிருப்பில் மகளோடு இருக்கிறார். "எண்ணிப் பாருங்க தம்பி, பதினேழு சரியா வருது" என்று தாளை நீட்டினார். எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது கிராணிக்கு எழுதிய லீவு கடிதம் மாதிரி இருந்தது. அதை அவரிடம் சொன்னபோது அவரே முதலில் சிரித்தார்.

கணக்கு சரியாக இருந்தும் கவிதை ஏன் வரவில்லை? மூன்று வரி இருந்தால் ஹைக்கூ, கடைசி வரியில் ஒரு 'பஞ்ச்' வைத்தால் நல்ல ஹைக்கூ என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஆளுக்கொன்று எழுதுகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும் பிரித்துக் காட்டுவதில்லை. அந்த அக்காவின் மழைக் கவிதைகளை வைத்தே இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

## பதினேழு காத்தியா, பதினேழு கிலோவா?

சந்தையில் "மூணு குடுங்க" என்றால் கடைக்காரர் காத்தியா கிலோவா என்று கேட்பார். காத்தி ஏறக்குறைய 600 கிராம்தான். அளவை என்னவென்று தெரியாமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பயனில்லை. 'பதினேழு அசை' என்று தமிழில் சொல்லும்போது இதே குழப்பம்தான் வருகிறது.

நம் யாப்பில் அசை என்றால் வேறு பொருள். 'மழை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லிப் பார்த்தால் ம, ழை என்று வாய் இரண்டு முறை திறக்கிறது. ஆனால் யாப்பில் குறிலை அடுத்துக் குறிலோ நெடிலோ இணைந்து வந்தால் அது ஒரே அசை, நிரையசை. 'துளி'யும் அப்படித்தான், ஒரே அசை. எனவே யாப்புக் கணக்கில் பதினேழு அசை எழுதப் போனால் முப்பது எழுத்து வரைகூட நீளலாம். பட்டறையில் ஒரு தம்பி இப்படி எழுதி வந்தார். மூன்று வரியும் தாளின் ஓரத்தைத் தொட்டு நின்றன.

நமக்குத் தேவையான அளவை அசை அல்ல, 'ஒற்று நீக்கிய எழுத்து'. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ண வேண்டும், அவ்வளவுதான். 'மழை' இரண்டு. 'வானம்' என்பதில் ம் போய்விடும், வா, ன என்று இரண்டு. 'காற்று' என்பதில் ற் போய்விடும், கா, று என்று இரண்டு. இப்படி எண்ணினால் வாய் எத்தனை முறை திறக்கிறதோ அத்தனை எண் கிடைக்கும்.

இது ஹைக்கூவுக்காக நேற்று முளைத்த கணக்கும் இல்லை. கட்டளைக் கலித்துறை என்ற பா வடிவத்தில் ஒவ்வோர் அடியையும் இப்படித்தான் எண்ணுவார்கள். நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. கோயிலில் அபிராமி அந்தாதி பாடுகிறவர்களுக்கு இந்த அடி வாய்ப்பழக்கம்:

உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்

ஒற்றை நீக்கி எண்ணுங்கள். உதிக்கின்ற நான்கு, செங்கதிர் மூன்று, உச்சித் இரண்டு, திலகம் மூன்று, உணர்வுடையோர் ஐந்து. மொத்தம் பதினேழு. அதாவது அபிராமி பட்டர் ஓர் அடிக்குள் வைக்கும் அளவுதான் உங்கள் முழு ஹைக்கூ. இதைச் சொன்னதும் மண்டபத்தில் இருந்தவர்கள் தங்கள் தாளைத் திருப்பி நாலைந்து சொற்களை அடித்தார்கள். எவ்வளவு சின்ன இடம் என்பது அப்போதுதான் உறைத்தது.

## ஜப்பானியர் எண்ணுவது இன்னும் சிறிது

ஜப்பானியர் எண்ணும் அலகுக்கு 'ஒன்' என்று பெயர். ஒலித்துண்டு என்று வைத்துக்கொள்வோம். குறில் ஓர் ஒன், நெடில் இரண்டு ஒன். நம் புள்ளியெழுத்தைப் போல ஒலிக்கும் ன் தனியாக ஓர் ஒன். 'யூதசி' என்று அவர்களுக்கு ஒரு மழைப்பெயர் உண்டு. கோடையில் மாலை வேளையில் திடீரென்று கொட்டிவிட்டுப் போகும் மழை அது. யு-உ-த-சி என்று அதை நான்காக எண்ணுவார்கள். தங்கள் நாட்டை அவர்கள் 'நிப்பொன்' என்பார்கள். நமக்கு நி, பொ என்று இரண்டு எழுத்து. அவர்களுக்கு நி-ப்-பொ-ன் என்று நான்கு ஒன்.

நாம் தள்ளிவிடும் புள்ளியெழுத்துக்கும் அங்கே கூலி உண்டு. அதனால் தமிழில் பதினேழு எழுத்து எழுதினால், ஜப்பானியப் பதினேழைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒலி உள்ளே போய்விடுகிறது. இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான். பதினேழு என்பது தொட்டால் தீட்டு என்கிற எண் இல்லை. 5-7-5 என்ற வேலியைப் பழகுகிறவர்களுக்காக வைக்கிறேன். ஓர் எழுத்து குறைந்தால் கவிதை நன்றாகிறது என்றால் குறையட்டும்.

வேலி கட்டாயமாகும்போது வேறொரு கெடுதலும் வரும். அக்காவின் இரண்டாம் வரியைப் பாருங்கள்: 'வேலைக்குப் போகாமலே'. அந்தக் கடைசி ஏகாரத்துக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. ஆறை ஏழாக்க வந்து உட்கார்ந்திருக்கிறது. பட்டறைத் தாள்களில் அவசியமில்லாத ஏ, தான், அங்கே, மெல்ல எல்லாம் இப்படி எண்ணிக்கைக்காக வந்தவைதான். வரியை அது இல்லாமல் வாய்விட்டுப் படியுங்கள். எதையும் இழக்கவில்லை என்றால் அதை எடுத்துவிடலாம்.

இதுவரை கையில் இருப்பது: புள்ளியெழுத்தை விட்டுவிட்டு எண்ணுகிறோம், முதல் வரியில் ஐந்து, அடுத்து ஏழு, பிறகு ஐந்து. எண்ணிக்கை கவிதையைச் சின்னதாக வைத்திருக்க உதவும். அதற்கு மேல் அதனால் ஆவது எதுவுமில்லை.

## வெட்டு

அதற்கு மேல் ஆக வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ஜப்பானிய ஹைக்கூவில் 'கிரெஜி' என்று ஒன்று உண்டு, வெட்டுச் சொல் என்று பொருள். 'யா', 'கானா' போன்ற சின்னச் சொற்கள் அவை. பெரும்பாலும் கவிதையை இரண்டு துண்டாக்கி நடுவில் ஓர் இடைவெளி விடும், சில சமயம் முடிவில் வந்து நிறுத்தும்.

அடுக்களையில் நடப்பதை யோசியுங்கள். "அடுப்பில பால் இருக்கு. வாசல்ல யாரோ கூப்பிடறாங்க." இவ்வளவுதான் சொன்னேன். பால் பொங்கி வழிந்ததை நான் சொல்லவில்லை, நீங்களே பார்த்துவிட்டீர்கள். இரண்டு காட்சியைப் பக்கத்தில் வைத்ததும் மூன்றாவது கேட்பவர் மனசில் நடக்கிறது. "யாரோ கூப்பிட்டதால் வாசலுக்குப் போனேன், அதனால் பால் பொங்கிவிட்டது" என்றால் எல்லாம் சொல்லியாகிவிட்டது, கேட்பவருக்குச் செய்ய ஒன்றுமில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது தனிச் சிக்கல். நம் மொழியில் வாக்கியங்களைத் தைப்பது மிக எளிது. பெய்ததால், போகாமல், நனைந்து, வந்தபோது என்று எச்சங்களாகவே அடுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றை வைத்தால் மூன்று வரியும் ஒரே வாக்கியமாகிவிடும். லீவு கடிதத்தில் நடந்தது அதுதான். 'பெய்ததால்' ஒரு தையல், 'போகாமல்' இன்னொரு தையல்.

வெட்டு என்றால் என்ன என்று அந்த மண்டபத்தில் நான் விளக்கத் திணறியபோது, அக்காதான் எடுத்துக் கொடுத்தார். "மரத்தில வெட்டற மாதிரிதானே?" அதேதான். பால்மரத்தின் பட்டையில் உளி மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போய் உள்ளே இருக்கும் உயிர்த்தோலைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, முண்டு முண்டாக வரும். உயிர்த்தோலுக்குக் கிட்டே போக வேண்டும், தொடக் கூடாது. கவிதையின் இரண்டு துண்டுகளுக்கு இடையில் இருக்கும் தூரமும் அப்படித்தான்.

மேலோட்டமான வெட்டு: 'மழை பெய்ததால் / வேலைக்குப் போகாமலே'. துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

காயப்படுத்தும் வெட்டு எப்படி இருக்கும் என்று காட்ட நானே ஒன்றைக் கட்டினேன்:

நாலு மணிக்கே
கூரையில் மழைச் சத்தம்
தேர்தல் முடிவு

எண்ணிக்கை சரி. ஆனால் மழைக்கும் தேர்தலுக்கும் நடுவில் வாசகர் கால் வைக்க ஒரு கல்கூட இல்லை. இதை 'ஆழம்' என்று சிலர் பாராட்டுவார்கள். எனக்கு அது முண்டு விழுந்த பட்டை.

அக்கா அடுத்த வாரம் திருத்திக் கொண்டுவந்தது இது:

நாலு மணிக்கே
கூரையில் மழைச் சத்தம்
உளி உறங்கும்

நா, லு, ம, ணி, கே: ஐந்து. கூ, ரை, யி, ம, ழை, ச, த: ஏழு. உ, ளி, உ, ற, கு: ஐந்து. இரண்டாம் வரி 'சத்தம்' என்ற பெயர்ச்சொல்லில் நின்றுவிடுகிறது, எச்சம் எதுவும் அடுத்த வரிக்குக் கை நீட்டவில்லை. அதுதான் தமிழில் வெட்டுப் போடும் எளிய வழி. தனியாக 'யா' தேட வேண்டியதில்லை. தையல் போடாமல் நிறுத்தினால் போதும். 'மணிக்கே' என்பதில் உள்ள ஏகாரத்தையும் கவனியுங்கள். இது இடம் நிரப்ப வந்ததல்ல. நாலு மணிக்கு எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்ப வேண்டியவர் இருட்டிலேயே மழையைக் கேட்டுவிட்டார் என்பதை அது சொல்கிறது.

தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பட்டை ஈரமாக இருந்தால் வெட்டிய பால் கோட்டுக்குள் நிற்காமல் மரத்தின் மேல் பரவி வழியும், பால் பிடிக்கும் மங்கில் விழுந்ததையும் மழை அடித்துக்கொண்டு போகும். அதனால் விடியலுக்கு முன் மழை என்றால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளின் கணக்கு அந்த வீட்டுக்குத் தெரியும்.

## உறங்கும் உளியும் ஆணியில் உள்ள உளியும்

'உளி உறங்கும்' நன்றாக இருக்கிறதே, ஏன் மாற்ற வேண்டும் என்று மண்டபத்தில் பாதிப் பேர் கேட்டார்கள். எனக்கு அந்த வரியில் ஒரு நெருடல். உளி உறங்காது. உறங்குவதாகச் சொல்வது எழுதுகிறவர் தரும் விளக்கம். அடுத்தவர் வீட்டில் நாம் பார்க்கக்கூடியது எதுவோ அதைச் சொன்னால் போதும் என்று அக்காவிடம் சொன்னேன். "மழை நாள்ல உளி எங்கே இருக்கும்?" என்று கேட்டேன். "வேற எங்க, ஆணியிலதான் தொங்கும்."

நாலு மணிக்கே
கூரையில் மழைச் சத்தம்
உளி ஆணியில்

உ, ளி, ஆ, ணி, யி: மறுபடியும் ஐந்து. போக வேண்டிய ஆள் போகவில்லை என்பது அந்த ஆணியிலேயே இருக்கிறது. வருத்தமா, ஒருநாள் தூங்கக் கிடைத்த நிம்மதியா என்பது வாசகர் பாடு.

ஒரு சொல் மாற்றம் எவ்வளவு செய்யும் என்பதற்கு மழைக் கவிதையிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1689-ல் ஜப்பானின் வடக்கே பயணம் போன கவிஞர் பாஷோ, மொகாமி ஆற்றங்கரையில் ஓர் ஊரில் தங்கினார். அங்கே நடந்த கவிதைக் கூடலில் அவர் சொன்ன தொடக்கப் பாட்டின் பொருள் ஏறக்குறைய இப்படி: ஐந்தாம் மாத மழையையெல்லாம் சேர்த்துக்கொண்டு குளிர்ச்சியாக இருக்கிறது மொகாமி ஆறு. குளிர்ச்சி என்றது வீட்டுக்காரருக்கான உபசாரமும்தான், உங்கள் வீட்டில் இருக்க இதமாக இருக்கிறது என்று. பிறகு அதே ஆற்றில் அவர் படகேறிப் போனார். மழையில் பெருகிய அந்த ஆறு வேகமும் அபாயமும் நிறைந்தது. பயணத்தைப் பின்னாளில் நூலாக எழுதியபோது 'குளிர்ச்சி' என்ற 'சுசுஷி'யை எடுத்துவிட்டு 'வேகம்' என்ற 'ஹயஷி'யை வைத்தார்.

ச-மி-த-ரெ-ஒ
அ-ட்சு-மெ-தெ-ஹ-ய-ஷி
மொ-க-மி-க-வ

சுசுஷி மூன்று ஒன், ஹயஷியும் மூன்று ஒன். கணக்கு அசையவில்லை. கரையில் உட்கார்ந்து பார்த்த ஆறு, படகில் இருந்து பார்த்த ஆறாக மாறிவிட்டது. மாடுபோல் இழுத்த ஆற்றை உடம்பால் அறிந்த பிறகு உபசார வார்த்தை அங்கே நிற்கவில்லை.

## எந்த மழை?

பாஷோவின் பாட்டில் 'சமிதரெ' என்ற முதல் சொல் வெறும் மழை இல்லை. பழைய நாள்காட்டியில் ஐந்தாம் மாதம், அதாவது இன்றைய ஜூன் வாக்கில், நாள்கணக்கில் விடாமல் பெய்யும் மழைக்கு அந்தப் பெயர். பனிக்காலத் தொடக்கத்தில் வந்து வந்து போகும் தூறலுக்கு 'ஷிகுரெ' என்று வேறு பெயர். இப்படிக் காலத்தைக் காட்டிக்கொடுக்கும் சொல்லைக் 'கிகோ' என்பார்கள், பருவச் சொல். ஒரே சொல்லில் மாதம், வெளிச்சம், குளிர் எல்லாம் வந்துவிடுவதால் பதினேழில் இடம் மிச்சமாகிறது.

நாம் என்ன செய்கிறோம்? 'பருவமழை' என்று தலைப்புக் கொடுத்ததும் பலர் தமிழ்நாட்டுக் கார்காலத்தை எழுதி வந்தார்கள். ஒருவர் தாளில் மயில் ஆடியது. பந்திங்கில் மயிலை நான் பார்த்ததில்லை.

நம் நாட்டில் வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை வீசும். கிளந்தான், திரெங்கானு, பகாங் பக்கம் வெள்ளம் வருவது அப்போதுதான். மேற்குக் கரையில் இருக்கும் நமக்கும் அந்தக் காற்றுக்கும் நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. நமக்கு அதிகம் மழை தருவது காற்று திசைமாறும் இடைக்காலங்கள், ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும். காலையில் வெயில் கொளுத்தும், மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டும், தேத்தண்ணி ஆறுவதற்குள் நின்றாலும் நிற்கும். தீபாவளிக்கு முன் கடைத்தெருவில் நம்மை அஞ்சடியில் ஒதுங்க வைப்பது இந்த மழைதான்.

அக்காவின் நாலு மணி மழை இன்னொரு ஜாதி. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இரவில் மலாக்கா நீரிணைப் பக்கம் திரண்டு, விடியலுக்கு முன் மேற்குக் கரையில் காற்றோடு ஏறும் மழைக்குச் 'சுமத்ரா' என்றே பெயர். அந்தப் பெயர் அக்காவுக்குத் தெரியாது. ஆனால் 'நாலு மணிக்கே' என்று எழுதியபோது அவர் அந்த மழையைத்தான் எழுதினார். பருவச் சொல்லுக்கு நம்மிடம் அச்சிட்ட பட்டியல் இல்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைக் காட்டுவேன். மழை எத்தனை மணிக்கு வருகிறது, வந்தால் எந்த வேலை நிற்கிறது என்று எழுதினால் பருவம் தானாக உள்ளே வந்துவிடும்.

இதுவரை: சிறிய அளவு, நடுவில் அளவான ஆழத்தில் ஒரு வெட்டு, நம் ஊரில் பெய்கிற ஒரு குறிப்பிட்ட மழை. ஒரு தனி ஹைக்கூவுக்கு இது போதும். நம் பட்டறைப் பணி ஐந்து ஹைக்கூ.

## ஐந்து சேரும்போது

ஹைக்கூவின் பிறப்பே வரிசையில்தான். பலர் கூடி மாறி மாறிப் பாடும் தொடர்பாட்டின் முதல் கண்ணிக்கு 'ஹொக்கு' என்று பெயர். பாஷோ ஆற்றங்கரையில் சொன்னது அப்படியொரு ஹொக்கு. அதைத் தொடரிலிருந்து கழற்றித் தனிக் கவிதையாக நிறுத்தி, 'ஹைக்கூ' என்ற பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைக்க வைத்தவர் கவிஞர் ஷிகி. தமிழில் 1916-லேயே பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார்.

அந்தப் பழைய தொடர்பாட்டில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தியதோடு ஏதோ ஒரு வகையில் இணைய வேண்டும், ஆனால் அதற்கும் முந்தியதற்குத் திரும்பிப் போகக் கூடாது. ஒருவரே எழுதும் ஐந்து கவிதை வரிசைக்கு இந்த விதி கட்டாயமில்லை. இருந்தாலும் அதன் புத்தியை நாம் எடுத்துக்கொள்ளலாம். வாழை இலையில் பரிமாறும்போது புளிக்குழம்புக்குப் பக்கத்தில் புளிக்கறி வைக்க மாட்டோம். இலை ஒன்றுதான், ருசி நகர வேண்டும்.

அக்காவின் முதல் வரிசையில் ஐந்திலும் 'மழை' என்ற சொல் இருந்தது, ஐந்திலும் பால்மரம் இருந்தது. தலைப்பே மழை என்னும்போது ஒவ்வொரு கவிதையும் அதைச் சொல்லத் தேவையில்லை. அவர் திருத்தியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது:

மங்கு நிறைந்து
வழியுது வெள்ளையாய்
இன்றைய வெட்டு

வெட்டி முடித்த பிறகு பிடித்துக்கொண்ட மழை. மங்கில் விழுந்த பால் தண்ணீரோடு சேர்ந்து மண்ணில் போகிறது. கடைசி வரி வந்ததும்தான் அந்த வெள்ளை என்னவென்று தெரிகிறது. தனியாக நின்றால் உளிக் கவிதையைவிட இது மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தபோது இரண்டுமே மங்கின. மழையால் போன கூலியை இரண்டும் சொல்கின்றன. நடுவில் வேறொன்றை வைத்தும் பார்த்தோம், வரிசை நகராமல் தோட்டத்துக்கே திரும்பிப் போனது. ஒன்றை எடுத்துவிட வேண்டியதாயிற்று. அக்கா யோசிக்காமல் மங்குக் கவிதையை எடுத்தார். "உளிதான் முதல்ல வரணும், நாள் அங்கதானே ஆரம்பிக்குது" என்றார்.

அது வரிசைக்கு ஒரு முதுகெலும்பையும் கொடுத்தது. ஒரு நாள், இருட்டில் தொடங்கி இருட்டில் முடியும். இடம் வீட்டிலிருந்து சாலைக்கும் பட்டணத்துக்கும் போய்த் திரும்பும்.

அஞ்சடிக் கவிதையில் ஒரு வழக்கு வந்தது. கடைவீதியில் கடைகளின் முன்னால் ஓடும் நடைபாதையைத்தான் அஞ்சடி என்கிறோம். நடு வரியை 'அஞ்சடியிலே கூட்டம்' என்று ஏழு எழுத்தில் எழுதியிருந்தார். 'அஞ்சடியில் கூட்டம்' என்றால் ஆறுதான். ஏகாரம் எண்ணிக்கைக்கு வந்தது என்று அவரே கண்டுபிடித்துவிட்டு, எடுக்கலாமா என்று என்னைப் பார்த்தார். எடுத்தோம். பதினாறு எழுத்தோடு அது நிற்கிறது. அதில் மழை என்ற சொல்லும் இல்லை. மூடிய கடைக்கு முன்னால் ஏன் கூட்டம் என்பதற்குப் பதில் வரிசையின் தலைப்பில் இருக்கிறது. தனியாக இதைப் படிப்பவருக்கு அது கிடைக்காது என்பது உண்மைதான். வரிசை தரும் சலுகை அது. ஐந்தில் ஒன்றுக்கு மேல் இந்தச் சலுகையைக் கேட்காதீர்கள் என்று பட்டறையில் சொல்லிவைத்தேன்.

அக்கா கடைசியாகக் கொடுத்த தாள் இது.

பருவமழை

நாலு மணிக்கே
கூரையில் மழைச் சத்தம்
உளி ஆணியில்

செம்பனை லாரி
போன தடத்தில் குட்டை
வானம் இரண்டு

கடை மூடியும்
அஞ்சடியில் கூட்டம்
யாரும் பேசலை

முனியன் கோயில்
விளக்கைச் சுற்றி நாய்கள்
மழை இன்னமும்

லயம் இருந்த
இடத்தில் தேங்கும் தண்ணீர்
தவளைச் சத்தம்

முதலாவது சத்தத்தில் தொடங்குகிறது, கடைசியும் சத்தத்தில் முடிகிறது. அக்கா அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றார். முதல் கவிதையில் உளி தொங்கிய ஆணி தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்தின் சுவரில்தான் இருந்திருக்கும், ஐந்தாவதில் அந்தச் சுவர் இல்லை. இதையெல்லாம் நாம் விளக்கினால்தான் தெரியும் என்றால் வரிசை தோற்றுவிட்டது என்று அர்த்தம். மண்டபத்தில் படித்தபோது, தோட்டத்தில் பிறந்த இரண்டு பேர் 'லயம் இருந்த' என்ற இடத்திலேயே தலையை ஆட்டினார்கள்.

இரண்டாவது கவிதையில் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. 'வானம் இரண்டு' கொஞ்சம் சாமர்த்தியமான வரி. லாரியின் இரண்டு சக்கரத் தடம், இரண்டு குட்டை, இரண்டு வானம் என்று கணக்கு சரியாக விழுகிறது. அந்தச் சரியே என்னை உறுத்துகிறது. உளி உறங்குவது போல, இங்கேயும் எழுதியவர் கை தெரிகிறது. அக்காவிடம் சொன்னேன். அந்தச் சாலையில் லாரி போன பிறகு குனிந்து பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மழை விட வேண்டும்.